மெஸ்கெரெமுக்கு நான் நின்ற ஜாமீன்

நான் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது ஒரு வியாதி என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு வந்த வியாதிக்கு மருந்து குடித்தவள் மெஸ்கெரெம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் டான்ஃபோர்த் சாலையில் ஒரு காபிக் கடையின் பின்னறையில் நாங்கள் கூடுவோம். எக்குப் என்கிற எங்கள் சீட்டு. இருபத்திரண்டு பேர், எல்லாம் எத்தியோப்பியக்காரர்கள். பதினொரு வருஷமாக நடத்துவது நான், டெஷாகர். முதலிலேயே சீட்டு எடுக்கிறவருக்கு இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அதற்குத் தாளும் கிடையாது, முத்திரையும் கிடையாது. எழுந்து நின்று "இவருக்கு நான்" என்று சொன்னால் போதும். சொன்னவர் சாகும்வரை அதற்குக் கட்டுப்பட்டவர். யாருக்காவது ஜாமீன் தேவைப்பட்டால் அறையில் உள்ள தலைகள் எல்லாம் தானாக என் பக்கம் திரும்பும். நானும் எழுந்துவிடுவேன். அந்தத் தலைகள் திரும்புகிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவும் இல்லை.

மெஸ்கெரெம் கனடாவுக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. அகதி வழக்கில் ஜெயித்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். ஏழு வயதுப் பெண் ஹெர்மெலா. இரண்டு பேரும் ஒரு வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள், சமையலறையும் குளியலறையும் வீட்டுக்காரியோடு பொது. அப்படி இருந்தால் இந்த ஊர்ச் சட்டம் வாடகைக்காரரைக் கண்டுகொள்ளாது. வீட்டுக்காரி போ என்றால் போக வேண்டியதுதான். மாமியார் வருகிறாள், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணு என்று அவள் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு காபி ஊற்றி முடித்த பிறகு மெஸ்கெரெம் இதைச் சொன்னாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். விக்டோரியா பார்க் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீடு காலியாம். ஆயிரத்து எழுநூறு டாலர். பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கப் போகிறாளாம்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாக நீட்டினால் வாயை மூடிக்கொண்டு சாவியைத் தருவார்கள் என்றார் ஒருவர். கடைசி மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது, நீட்டினாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள் என்றார் இன்னொருவர். டாக்ஸி ஓட்டுகிற வொர்கு எப்போதும் போல நக்கலாக ஆரம்பித்தான்.

"இந்த ஊர்ல கடனே வாங்காதவளை எவனும் நம்ப மாட்டான், தங்கச்சி. கடன் வாங்கித் திருப்பிக் கட்டினாத்தான் யோக்கியம். உன் பேரைத் தட்டினா கம்ப்யூட்டர்ல வெள்ளைத் தாள்தான் வரும். பொறந்த குழந்தைக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாது அதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், மெஸ்கெரெமும் சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். குடியேறியவர்களுக்கு உதவுகிற அலுவலகத்தில் ஷெரன் என்று ஒரு பெண்மணி. எல்லாவற்றையும் அவள்தான் அடுக்கிக் கொடுத்திருந்தாள். வேலை நிரந்தரம் என்று முதியோர் இல்லம் கொடுத்த கடிதம், மூன்று சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, மேலாளரின் நன்னடத்தைக் கடிதம், அறை வாடகை மாதாமாதம் வங்கி வழியாகப் போனதற்கான அச்சுப்பிரதி. வங்கியில் ஐந்நூறு டாலர் ஈடு வைத்து ஒரு கடனட்டை வாங்கி, ஏழு மாதமாக அதில் காய்கறி வாங்கி, தேதி தவறாமல் கட்டியும் வந்திருந்தாள். வொர்கு சொன்ன வெள்ளைத் தாளில் அந்த ஒரு வரியாவது இருந்தது.

"கடன் வரலாறு இல்லைங்கிறதை மட்டும் காரணம் காட்டித் தள்ள முடியாதாம், அண்ணே. சட்டம் அப்படித்தானாம். இந்தத் தாளுங்களோட தைரியமா போன்னு ஷெரன் சொன்னா" என்றாள் என்னைப் பார்த்து.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தலைகள் திரும்பிவிட்டன. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தாளை நம்பித் தனியாகப் போய் நிற்பதா, நம் ஆட்கள் இத்தனை பேர் இருந்துமா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் முகத்திலும் அது எழுதியிருந்ததாக எனக்குப் பட்டது. நான் எழுந்தேன்.

"அந்த விண்ணப்பத்துல ஜாமீன்தாரர்னு ஒரு இடம் இருக்கும். அதைக் காலியா விட்டுடாத. இவளுக்கு நான்."

கை தட்டினார்கள். மெஸ்கெரெம் எழுந்து வந்து குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் சிசாயின் ஞாபகம் எனக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை.

சிசாய் என் ஊர்ப் பையன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்து போட்டேன். எக்குப்பில் எழுந்து நிற்பதும் அங்கே கையெழுத்துப் போடுவதும் ஒன்று என்றுதான் நினைத்தேன். அவன் நாலு மாத வாடகையைக் கட்டாமல் ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் கேட்டார். அவனைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு வசூல் நிறுவனத்திலிருந்து கடிதங்கள் வந்தன. முதல் இரண்டைப் படித்தேன், மீதியைப் பிரிக்காமலே சமையலறை இழுப்பறையில் போட்டேன். பதினாலு வருஷமாக நான் ஒரே வீட்டில் இருக்கிறேன். காரும் பழசு, புதுக் கடனும் வேண்டியதில்லை. யாரும் என் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. பார்க்காததால் அது இல்லை என்று நானும் இருந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் நூறு பேர் சாட்சி சொல்வார்கள் என்கிற திமிர் வேறு.

திங்கட்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். கட்டட அலுவலகத்தில் இருந்த பெண்ணின் பெயர் மிரெலா, அல்பேனியாக்காரி. அவளும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவள் என்பது பேச்சில் தெரிந்தது. மெஸ்கெரெமின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள். ஜாமீன்தாரர் இடத்தைத் தொட்டு, இது கட்டாயமில்லை, இந்தச் சம்பளத்துக்கு இவர்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்றாள். நான் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். எங்கள் வழக்கம் அது, யாரையும் தனியாக விடமாட்டோம் என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவு வேறு நடத்தினேன். என் பிறந்த தேதி, சமூகக் காப்பீட்டு எண், வேலை, சம்பளம் எல்லாம் எழுதி, என் கடன் அறிக்கையைப் பார்க்கச் சம்மதம் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வெளியே வந்ததும் ஹெர்மெலா அந்தக் கட்டடத்து மாடிகளை எண்ணினாள். தங்கள் வீடு எத்தனையாவது என்று அம்மாவைக் கேட்டாள். இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை என்று மெஸ்கெரெம் சொன்னாள். மாமா கையெழுத்துப் போட்டாயிற்று, கிடைத்த மாதிரிதான் என்று நான் குழந்தையிடம் சொன்னேன். ஏழாவது மாடி என்றும் சொன்னேன்.

புதன்கிழமை மிரெலா எனக்குப் போன் பண்ணினாள். அறிக்கை என்னுடையது என்பதால் என்னிடம்தான் பேசலாமாம், விண்ணப்பித்தவரிடம் விவரம் சொல்லக் கூடாதாம். என் கடன் மதிப்பெண் தொள்ளாயிரத்துக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றாள். வசூலுக்குப் போன வாடகைப் பாக்கி, கட்டப்படாதது, அதுவும் ஒரு வீட்டுக்காரருக்கு. கம்பெனி விதிப்படி ஜாமீன்தாரரும் விண்ணப்பத்தில் ஒரு பாகம். அதனால் மொத்த விண்ணப்பமும் விழுந்துவிட்டது.

என் பெயரை எடுத்துவிட்டு அவளை மட்டும் பாருங்கள் என்று கெஞ்சினேன். இத்தனை வயதில் போனில் கெஞ்சினேன்.

"வீடு அடுத்தவங்களுக்குப் போயாச்சு சார். வரிசையில மூணு பேர் இருந்தாங்க" என்றாள். பிறகு, "அந்தம்மா தாள்ல குறை எதுவும் இல்ல. ஒண்ணும் இல்லாததை நான் குறையா எடுத்துக்க மாட்டேன். உங்களுதுல இருந்துச்சு" என்றாள்.

போனை வைத்த பிறகு சமையலறையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சிசாயின் மேல், மிரெலாவின் மேல், இந்த ஊர் மேல். ஒரு மனுஷனைப் பார்த்து அவன் யாரென்று தெரிந்துகொள்ளத் துப்பில்லாத ஊர் என்று திட்டினேன். திட்டி முடித்தபோது என்னைத் தவிர திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை.

மாலையில் மெஸ்கெரெம் கூப்பிட்டாள். வீடு கிடைக்கவில்லையாம் அண்ணே என்றாள். என்ன காரணம் என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் கொடுமை. அவள் ஒரு மூச்சு நேரம் கழித்து, நான் புதுசு இல்லையா, அதுதான் போல என்றாள். ஆமாம், இந்த ஊர் புதுசாக வந்தவர்களை அப்படித்தான் நடத்தும், விடு, வேறு பார்ப்போம் என்றேன். அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

அடுத்த பதினைந்து நாளில் அவள் ஒன்பது வீடு பார்த்தாள். வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து, பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் அலைந்தாள். பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விட்டிருந்தது. ஓர் இடத்தில் குழந்தையைப் பார்த்ததும் சத்தம் வரும் என்றார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடலாம், ஆனால் இன்றைக்குத் தூங்க முடியாது.

மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது ஷெரன் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள். டான்ஃபோர்த்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிரேக்கக் கிழவரின் வீட்டுக் கீழ்த்தளம். தனிச் சமையலறை, தனி வாசல், சின்ன ஜன்னல். பள்ளிக்கூடமும் மாறாது. கிழவர் பெயர் ஸ்டாவ்ரோஸ். அவர் மகள்தான் விண்ணப்பங்களைப் பார்க்கிறாளாம். மெஸ்கெரெம் இதைச் சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு அண்ணே சிரமப்படணும். ஷெரன் கடிதம் கொடுத்திருக்கா. நானே போய்ப் பாத்துக்கறேன்."

அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். எங்களில் யாராவது ஒரு தடவையிலேயே உதவியை வாங்கிக்கொள்வார்களா? காபியைக்கூட மூன்று தடவை வேண்டாம் என்ற பிறகுதான் குடிப்போம். தவிர நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். கிழவர்கள் ஆளைப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டார்கள். முதலில் கெடுத்ததை இதில் சரி பண்ணிவிடலாம், யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும். மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

ஸ்டாவ்ரோஸுக்கு என்னைப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் கால் வலியைப் பற்றிப் பேசினோம். வாசல் மேஜையில் விண்ணப்பம் இருந்தது. மெஸ்கெரெம் தன் பக்கத்தை எழுதிவிட்டு ஜாமீன்தாரர் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன், பேனாவைக் கொடுத்தாள். கிழவர் என் முதுகில் தட்டி, நல்ல மனுஷன் என்றார்.

மகள் இரண்டு நாளில் பதில் அனுப்பினாள். முன்னால் இருந்தவர் வாடகை ஏமாற்றிவிட்டுப் போனதால் எல்லோருடைய அறிக்கையையும் பணம் கட்டி எடுத்துப் பார்ப்பது அவள் வழக்கமாம். அதே காரணம், அதே ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

முப்பத்தொன்றாம் தேதி மெஸ்கெரெம் நகராட்சித் தங்குமிடங்களுக்கான எண்ணைக் கூப்பிட்டாள். முதலில் இடமில்லை என்றார்கள். மூன்றாவது தடவை, நகரத்தின் மேற்கு மூலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டலைத் தங்குமிடமாக்கிய ஒரு கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு பெட்டியும் ஒரு அரிசி மூட்டையும் வொர்குவின் டாக்ஸியில் போயின. நான் உதவப் போகவில்லை. இடுப்பு வலி என்று சொல்லியனுப்பினேன்.

அங்கிருந்து முதியோர் இல்லத்துக்கு இரண்டு பேருந்து, ஒரு ரயில். ஆறு மணி வேலைக்கு எந்த வண்டியும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. பழைய இடத்தில் வீட்டுக்காரியாவது இருந்தாள், இங்கே கிளம்புகிற நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுவது? இரண்டு வாரத்தில் அவளே வேலையை விட்டாள். வேலை போனதும் அந்தக் கடிதமும் சம்பளச் சீட்டும் பழைய தாள் ஆகிவிட்டன. ஹெர்மெலா பள்ளிக்கூடம் மாறினாள். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வொர்கு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லிவிட்டு அவன், நம் அண்ணன் ஜாமீன் நின்றும்கூடத் தரவில்லையே, என்ன ஊர் இது என்றான். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மறுநாள் கிளம்பி அவளைப் பார்க்கப் போனேன்.

ஓட்டல் முன்னறையில் உட்காரச் சொன்னாள். அறைக்கு வெளியாட்கள் போகக் கூடாதாம். காபி போட்டுக் கொடுக்க அடுப்பில்லை என்று வருத்தப்பட்டாள். குழந்தை இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. வருகிற வழியில் மூன்று பேருந்திலும் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தேன். சிசாய், கையெழுத்து, இழுப்பறை, கடிதங்கள். பாதியிலேயே நிறுத்தினாள்.

"தெரியும் அண்ணே."

முதல் கட்டடத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதத்திலேயே அது இருந்ததாம். விவரம் இல்லை, ஒரே ஒரு வரிதான். ஜாமீன்தாரரின் கடன் அறிக்கை காரணமாக. ஷெரன் அதைப் படித்துக் காட்டி, அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் போடாதே என்று நூறு தடவை சொல்லி அனுப்பினாளாம்.

"அப்புறம் ஏம்மா அந்தக் கிழவர் வீட்டுல பேனாவைக் குடுத்த?" என்றேன்.

"நீங்க கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்க. நான் வரவேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். அத்தனை பேர் முன்னாடி எனக்காக எழுந்து நின்னவர். கிழவரும் பக்கத்துல நிக்கறார். உங்க முகத்துக்கு நேரா எப்படி அண்ணே சொல்றது, உங்க பேரு வேண்டாம்னு?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். என் மானத்துக்குப் பயந்து நான் வாயை மூடினேன். என் மானத்துக்கே பயந்து அவளும் மூடியிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிய அந்த மானத்தை எடுத்து எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அதனால் தனக்கு என்ன வரப்போகிறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பாக்கியைத் தவணையில் கட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னேன். நல்லது என்றாள். கட்டினாலும் ஆறு வருஷம் வரைக்கும் அது பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஷெரன் சொன்னதையும் சொன்னாள். குத்திக் காட்டவில்லை, தெரிந்ததைச் சொன்னாள்.

ஷெரன் இன்னும் அவளை விடவில்லையாம். வின்ட்ஸர் பக்கம் வாடகை குறைவு, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள், வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தாள்களை அடுக்கலாம் என்றிருக்கிறாள். நாலு மணி நேரப் பயணம், தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர். எப்போது போகிறாய் என்று கேட்டேன். வேலை கிடைத்தால், வீடு கிடைத்தால் என்றாள். தூங்கி எழுந்தவள் போல முகம் உப்பியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் அவளுக்கு வயது ஏறியிருந்தது.

பள்ளிப் பேருந்து வந்து நின்றது. ஹெர்மெலா இறங்கி ஓடி வந்து என் மடியில் சாய்ந்தாள். அவளுக்கு நான் இன்னமும் ஏழாவது மாடிக்காரன். மெஸ்கெரெம் அவளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து, என்னால் ஏதாவது ஆக வேண்டுமா, எதுவானாலும் கேள் என்றேன். பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது.

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. வின்ட்ஸர்ல வீடு பாக்கப் போறப்போ, யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சாலும், நீங்க வந்துடாதீங்க."

சரி என்றேன். அவளுக்காக நான் சொன்னபடி செய்யப்போகிற முதல் காரியம் அதுதான். பேருந்து நிறுத்தத்தில் குளிரில் முக்கால் மணி நேரம் நின்றேன்.